கட்டில் காலில் இடித்த சுண்டு விரல்: கன்றலா, முறிவா?

காலை நிகழ்ச்சி படைப்பவர்கள் வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நான்கு மணிக்கு எழுந்தால் விளக்கைப் போடக்கூடாது. கணவரும் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பல ஆண்டுகளாக அப்படித்தான் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே குளியலறைக்குப் போய் வருகிறேன். வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று என் கால்களுக்கே தெரியும் என்ற நம்பிக்கை. அந்தத் திங்கட்கிழமை அந்த நம்பிக்கை உடைந்தது. கூடவே இன்னொன்றும் உடைந்தது, ஆனால் அது எனக்குத் தெரிய மூன்று நாள் ஆனது.

வலது கால் சுண்டு விரலைக் கட்டில் காலில் இடித்துக்கொண்டேன். மற்ற நான்கு விரல்களும் கட்டில் காலைத் தாண்டி உள்பக்கமாகப் போய்விட்டன. சுண்டு விரல் மட்டும் வெளியே மாட்டி விரிந்தது. கத்தக்கூட முடியவில்லை, கட்டிலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் வலி தணிந்தது. விரல் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். ஆறு மணிக்கு ஒலிவாங்கி முன் உட்கார்ந்து வழக்கம்போல் சிரித்துப் பேசினேன்.

மதியம் இரண்டு மணிக்குச் சப்பாத்தைக் கழற்றியபோது சுண்டு விரல் பேரீச்சம்பழம்போல் வீங்கியிருந்தது. மறுநாள் காலையில் ஊதா நிறம். அதுவும் சுண்டு விரலோடு நிற்கவில்லை. இடிபடாத பக்கத்து விரலும் பாதத்தின் வெளி ஓரமும் கூடக் கருநீலமாகிவிட்டன.

அப்புறம் வீட்டில் வைத்தியம் சொல்லாதவர் யாருமில்லை. அம்மா தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொன்னார்: "விரல அசைக்க முடியுதுல்ல? அப்ப ஒடையல. சும்மா ரத்தக்கட்டு." எதிர்வீட்டு அக்கா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடச் சொன்னார். அலுவலகத்தில் ஒருவர், தமக்குத் தெரிந்த அம்மா உருவி விட்டால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்று எண்ணைக் கொடுத்தார். புதன்கிழமை மாலை போவதாக நேரமும் குறித்துவிட்டேன். நல்ல வேளை, அன்று காலையில் காரில் பிரேக்கை அழுத்தியபோது உயிர் போனது. காரைத் திருப்பி கிளினிக்குக்குப் போனேன்.

எக்ஸ்ரேயில், பாதத்தோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எலும்பில் மெல்லிய சாய்ந்த கோடு ஒன்று தெரிந்தது. சுண்டு விரல் முறிந்திருந்தது. அசைக்க முடிந்த, அசைத்துக்கொண்டே இருந்த விரல்தான்.

"இது ரொம்ப சகஜம்," என்றார் டாக்டர். இருட்டில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குச் சுண்டு விரல் வெளிப்பக்கம் விரிந்து இப்படி முறிவதால், ஆங்கில மருத்துவர்கள் இதற்கு 'இரவில் நடப்பவரின் முறிவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்களாம். எனக்காகவே வைத்த பெயர்போல் இருந்தது.

நிறத்தை நம்ப வேண்டாம்

நான் முதலில் கேட்ட கேள்வி, "இவ்வளவு ஊதாவா இருக்கிறதுனாலதானே ஒடைஞ்சிருக்குன்னு சொல்றீங்க?" என்பதுதான். இல்லை என்றார். விரலை எங்கே இடித்தாலும் தோலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் கிழிகின்றன. கசியும் ரத்தம்தான் அந்த ஊதா. எலும்பு முறிந்தாலும் ரத்தம் கசியும், முறியாவிட்டாலும் கசியும். நின்றால் நடந்தால் அந்த ரத்தம் கீழ்நோக்கி இறங்கி, அடிபடாத இடங்களிலும் தேங்குகிறது. பக்கத்து விரல் நிறம் மாறியதற்குக் காரணம் இதுதான், அதற்கும் அடிபட்டது என்று பொருளில்லை. ஊதா பிறகு பச்சையாகி, மஞ்சளாகி, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மறையும்.

நம் தோல் நிறத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாநிறத்திலும் கறுப்பிலும் ஊதா பல நேரம் ஊதாவாகத் தெரியாது, வெறும் கருமையாகத்தான் தெரியும். சிவப்பும் பல நேரம் எளிதில் தெரியாது. அதனால் நிறத்தைத் தனியாகப் பார்க்காமல், இரண்டு பாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நிறம் ஏமாற்றும் என்பதற்கு என் தம்பி நல்ல சாட்சி. சென்ற ஆண்டு ஃபுட்சால் விளையாடிவிட்டு வெறுங்காலோடு நடந்தவன், பெருவிரலைச் சிமெண்டு படியில் இடித்துக்கொண்டான். நகம் முழுக்கக் கறுத்து, விரல் கத்தரிக்காய்போல் ஆகிவிட்டது. இரவெல்லாம் விண்விண் என்று தெறித்தது. பார்த்தவர்கள் எல்லாரும் எலும்பு தூள் தூளாகியிருக்கும் என்றார்கள். எக்ஸ்ரேயில் எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை. நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டி, போக இடமில்லாமல் அழுத்தியதுதான் அத்தனை வலிக்கும் காரணம். டாக்டர் நகத்தில் சிறு துளை போட்டு ரத்தத்தை வெளியேற்றினார். அந்த நொடியே வலி பாதியாகிவிட்டது என்றான். வீட்டில் ஊசியைச் சுட வைத்து இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கிருமி உள்ளே போனால் எலும்பு வரை போகும் இடம் அது, கிளினிக்கிலேயே செய்துகொள்ளுங்கள். சில வாரங்களில் அவன் நகம் கழன்று விழுந்தது. கால் பெருவிரல் நகம் முழுதாக வளர ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும், இன்னும் பாதிதான் வளர்ந்திருக்கிறது.

ஆக, பார்க்கப் பயங்கரமாக இருந்த தம்பியின் விரல் வெறும் கன்றல். நான் சிரித்துக்கொண்டே நிகழ்ச்சி செய்த விரல் முறிவு.

அம்மாவின் சோதனை ஏன் தவறு? விரலை அசைக்கும் தசைகளில் பல கெண்டைக்காலில் இருக்கின்றன. அங்கிருந்து நீளமான நரம்புக் கயிறுபோல் தசைநாண்கள் இறங்கிவந்து விரலை இழுக்கின்றன. எலும்பில் விரிசல் விழுந்தாலும் அந்தக் கயிறு அறுவதில்லை. மூட்டும் நன்றாகவே இருக்கும். அதனால் விரல் அசையும், வலியோடு அசையும். அசைகிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

டாக்டர் என்ன பார்த்தார்?

மேசையில் என் காலை நீட்டச் சொல்லி, அவர் முதலில் விரலைத் தொடவே இல்லை. இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, விரல் நுனிகளை எதிர்ப்புறமிருந்து பார்த்தார். நகங்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் படுத்திருக்கின்றனவா, ஏதாவது ஒன்று மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தாராம். விரல் கோணினாலும் திரும்பினாலும் அது முறிந்து விலகியிருக்கலாம், அல்லது மூட்டு பிசகியிருக்கலாம். அப்படி இருந்தால் வீட்டுச் சோதனை எதுவும் வேண்டாம், அன்றே மருத்துவமனை. யாரும் இழுத்து நிமிர்த்தவும் கூடாது. மரத்துப்போக ஊசி போட்டு அதை நேராக்குவது டாக்டர் வேலை. என் விரல் நேராகத்தான் இருந்தது.

பிறகு சுட்டு விரல் நுனியால் மெதுவாக, இடம் இடமாக அழுத்திப் பார்த்தார். நுனியில் அழுத்தினார், கொஞ்சம் வலித்தது. நடுவில், அதே அளவு. அடிப்பகுதியில் ஓர் இடத்தைத் தொட்டதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கன்றலில் வலி பரவலாக இருக்கும், வீங்கிய இடமெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி நோகும். முறிவில் எலும்பின் மேல், விரல் நுனி அளவே உள்ள ஓர் இடம் மட்டும் கூர்மையாக வலிக்கும். மறுபடி தொட்டாலும் அதே இடம்தான்.

அடுத்த சோதனைதான் எனக்குப் புதிது. சுண்டு விரலின் நுனியைப் பிடித்து, குதிகாலை நோக்கி நேராக, மிக மெதுவாகத் தள்ளினார். வீங்கிய இடத்தை அவர் தொடவே இல்லை, ஆனாலும் அடியில் அதே இடத்தில் சுரீர் என்றது. எலும்பில் விரிசல் இருந்தால் இப்படித் தள்ளும்போது முறிந்த இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று அழுந்தும். வெறும் கன்றலில் தோலும் சதையும்தான் காயப்பட்டிருக்கும், எலும்பை நீளவாக்கில் தள்ளினால் பெரும்பாலும் வலிக்காது. வீட்டில் செய்து பார்ப்பதென்றால் ஒரே ஒரு முறை, ஊதினால் பறக்கிற அளவு மெல்லிய அழுத்தத்தில் செய்யுங்கள். முதல் நாள் எதைத் தொட்டாலும் வலிக்கும் என்பதால், அடுத்த நாள் செய்தால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம் இருக்கும்.

நான் எதிர்பார்க்காத இடத்திலும் அழுத்தினார். பாதத்தின் வெளி ஓரத்தில், பாதி வழியில் ஒரு மேடு இருக்கும், தடவிப் பார்த்தால் தெரியும். சுண்டு விரலுக்குப் போகும் நீண்ட பாத எலும்பின் அடிப்பகுதி அது. விரலை இடித்துக்கொண்டு தடுமாறும்போது பாதம் மடங்கி அந்த எலும்பும் முறிவதுண்டு. எல்லாரும் ஊதாவாக இருக்கும் விரலையே பார்த்துக்கொண்டிருப்பதால் அது தப்பிவிடும். அங்கே வலித்தால், அல்லது நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாவிட்டால், விரலோடு நிறுத்தாமல் பாதத்தையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: "முதல் நாளைவிட இன்னிக்கு வலி குறைஞ்சிருக்கா?" இல்லை என்றேன். கன்றல் இரண்டு மூன்று நாளில் நிச்சயம் இறங்குமுகமாக இருக்கும், வீக்கமும் நிறமும் அப்படியே இருந்தாலும் காலை ஊன்றுவது நாளுக்கு நாள் எளிதாகும். முறிவில் ஊன்றும்போது வரும் வலி அசையாமல் நிற்கும், ஒரு வாரம் கழித்தும் இருக்கும். நிறத்தைவிட இந்த நாள்கணக்கு பல மடங்கு நம்பகமானது.

முறிந்தாலும் ஒன்றும் செய்ய முடியாதா?

"கால் விரல் ஒடைஞ்சா டாக்டரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க, அப்புறம் ஏன் போகணும்?" இது நான் பத்துப் பேரிடமாவது கேட்ட வசனம். பாதி உண்மைதான். நடுவில் உள்ள மூன்று விரல்களும் சுண்டு விரலும் விலகாமல் முறிந்திருந்தால், கன்றலுக்கும் முறிவுக்கும் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான். சில டாக்டர்கள் எக்ஸ்ரேகூட எடுக்கச் சொல்லமாட்டார்கள், அதில் தவறும் இல்லை. ஆனால் மற்றப் பாதி உண்மை பெருவிரலில் இருக்கிறது. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைத் தரையிலிருந்து உந்தித் தள்ளுவது அதுதான். அது கோணலாக ஒட்டினாலோ, மூட்டுக்குள் முறிவு போயிருந்தாலோ பிற்காலத்தில் நடையே மாறும், மூட்டு விறைக்கும். அதனால் பெருவிரல் என்றால் யோசிக்காமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்தாலும், விரல் மரத்துப்போனாலும், வெளிறிக் குளிர்ந்திருந்தாலும் அப்படியே.

எனக்குச் செய்த சிகிச்சை பார்க்க மிக எளிமையானது. சுண்டு விரலுக்கும் நான்காம் விரலுக்கும் நடுவில் சிறிது பஞ்சு வைத்து, இரண்டையும் சேர்த்து டேப் ஒட்டினார்கள். முறியாத விரல் முறிந்ததற்கு மரச்சட்டம்போல் துணை நிற்கும். பஞ்சு முக்கியம். நம் வெயிலில் வியர்வை தேங்கி, பஞ்சு இல்லாமல் ஒட்டிய விரல் இடுக்கு இரண்டே நாளில் ஊறி வெந்துவிடும். டேப்பை அடியில் ஒன்று, நகத்துக்குக் கீழே ஒன்று என இரண்டு துண்டாக ஒட்ட வேண்டும். இறுக்கம் சரியா என்று பார்க்க, நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடியில் மறுபடி ரோஜா நிறமாக வேண்டும். ஆகாவிட்டால் அவிழ்த்துத் தளர்வாக ஒட்டுங்கள். நான் குளித்ததும் ஈரம் துடைத்து ஒவ்வொரு நாளும் மாற்றினேன். மூன்று வாரத்துக்கு மேல் இது தொடர்ந்தது.

டேப்பைவிடப் பயன் தந்தது சப்பாத்து. வலிக்கிறதே என்று நான் மெத்தென்ற சிலிப்பர் போட்டு நடந்துகொண்டிருந்தேன். அதுதான் தப்பு என்றார் டாக்டர். மெல்லிய அடி ஒவ்வோர் அடிக்கும் வளையும், அதோடு விரலும் வளையும். அடிப்பாகம் கெட்டியாகவும் முன்பக்கம் அகலமாகவும் உள்ள சப்பாத்து விரலை வளைய விடாது. மலையேறப் போகும்போது என் கணவர் போடும் தடித்த சப்பாத்தை இரண்டு காலுறையோடு போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன். சிரித்தவர்கள் சிரிக்கட்டும், அதில்தான் வலிக்காமல் நடக்க முடிந்தது.

முதல் இரண்டு நாளுக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் என இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வைத்தால் வீக்கம் அடங்கும். படுத்து, காலைத் தலையணைகள் மேல் நெஞ்சைவிட உயரமாக வைக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூல் மேல் காலை நீட்டுவது போதாது. உருவி விடுவதும், சூடான ஒத்தடமும், கோடாலித் தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் இந்த நாள்களில் கசிவையும் வீக்கத்தையும் கூட்டும். முறிந்து விலகாமல் இருக்கிற எலும்பை உருவினால் விலகவும் கூடும். புதன்கிழமை மாலை குறித்த அந்த நேரத்தை நினைத்தால் இன்னும் கால் கூசுகிறது.

அடிபட்டது வலது கால் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திடீரென்று பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க முடியாத வரை காரை எடுக்காதீர்கள். வலித்தால் கால் தானாகத் தயங்கும், அந்த அரை நொடி போதும். நான் மூன்று வாரம் கிராப் காரில்தான் வேலைக்குப் போனேன். அதிகாலை நாலரை மணிக்கு அதற்கு ஆன செலவைக் கேட்காதீர்கள்.

வலிக்காத விரல்

கிளினிக்கிலிருந்து கிளம்பும்போது டாக்டர் கேட்டார், "வீட்ல யாருக்காவது இனிப்புநீர் இருக்கா?" அப்பாவுக்கு இருக்கிறது, பதினேழு வருடமாக. அப்போது சாதாரணமாகத்தான் பதில் சொன்னேன். அந்த வார இறுதியில் பெற்றோர் வீட்டுக்குப் போனபோது என் காலை எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். "எனக்கும்கூட இந்தக் காலு கொஞ்சம் வீங்கியிருக்குமா, செருப்பு நுழைய மாட்டேங்குது," என்றார் அப்பா, ஏதோ வானிலை சொல்வதுபோல். காலுறையைக் கழற்றினோம். இரண்டாம் விரல் வீங்கிக் கருத்திருந்தது, தொட்டால் மற்றக் காலைவிடச் சூடு. விரல் இடுக்கில் சிறு வெடிப்பும் இருந்தது. எப்போது இடித்துக்கொண்டார் என்று அவருக்கே தெரியவில்லை. வலியே இல்லையாம். "வெந்நீர்ல உப்பு போட்டுக் காலை வச்சுக்கிட்டுதான் இருக்கேன்," என்றார் சமாதானமாக.

நீண்ட நாள் இனிப்புநீர் உள்ளவர்களுக்குப் பாதத்து நரம்புகள் உணர்வை இழக்கலாம். அப்போது மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை பயனற்றுப் போகும், அவை வலியை நம்பியவை. 'வலிக்கவில்லை, ஆகவே முறியவில்லை' என்ற கணக்கு அங்கே செல்லாது. வெந்நீரின் சூடும் தெரியாது, தோல் கொப்பளித்த பிறகுதான் தெரியும். டேப் அழுத்திப் புண்ணானாலும் தெரியாது. அவர்களுக்கு விரல் வீங்கினாலோ நிறம் மாறினாலோ சூடாக இருந்தாலோ, ஐஸ், டேப் என்று வீட்டில் எதுவும் செய்யாமல் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். அப்பாவைத் திங்கட்கிழமை வரை வைத்திருக்காமல் அன்றே அழைத்துப்போனோம். விரலில் முறிவு இருந்தது. அதைவிட டாக்டரைக் கவலைப்படுத்தியது அந்தச் சின்ன வெடிப்பு. புண்ணுக்குக் கட்டுப் போட்டு, கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். புண் ஆறிவிட்டது. இப்போது இரவு படுக்கும் முன் அம்மா கைத்தொலைபேசி விளக்கில் அப்பாவின் பாதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, நடக்கிறது.

பிள்ளைகள் விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. வெறுங்காலோடு ஓடி, பெருவிரலை இடித்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு நகத்தின் அடியில், தோலும் நகமும் சேரும் வேர்ப்பகுதியில் ரத்தம் வந்திருந்தால், பிளாஸ்டர் ஒட்டி அனுப்பிவிடாதீர்கள். எலும்பு வளரும் தட்டு அந்த நக வேருக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே முறிந்தால் காயம் எலும்பு வரை திறந்திருக்கும், கிருமி போனால் எலும்பே சீழ் பிடிக்கும். அன்றே காட்டி எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

என் விரல் ஆறாவது வாரத்தில் வழக்கமான சப்பாத்துக்குள் போனது. வலி இல்லை, ஆனால் இடது சுண்டு விரலோடு ஒப்பிட்டால் இன்னும் கொஞ்சம் பருமன். சில மாதம் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். கட்டில் பக்கம் மின்செருகியில் மாட்டும் சின்ன விளக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், பன்னிரண்டு ரிங்கிட். கணவர் ஒரு நாளும் விழிக்கவில்லை. அந்த விளக்கை நான்கு வருடத்துக்கு முன்பே போட்டிருந்தாலும் விழித்திருக்க மாட்டாராம்.